சட்டை இருக்கிறது, இந்தக் கடையில் இல்லை

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது தேனியில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் கடை. கண்ணாடிக்குள் பொம்மைக்குப் போட்டிருந்த கரும்பச்சைச் சட்டை பிடித்துப்போய், 40 சைஸ் கேட்டேன்.

"நாப்பதா? அது போன வாரமே போயிடுச்சு சார். நாப்பத்தி நாலு இருக்கு, போட்டுப் பாக்குறீங்களா?"

எனக்கு 44 என்பது தலையணை உறை. வேறு டிசைன் எதுவும் பிடிக்காமல் வெறுங்கையோடு வெளியே வந்தேன். தீபாவளி முடிந்து ஒரு மாதம் கழித்து மதுரையில் அதே நிறுவனத்தின் பெரிய கடைக்குள் வேறு வேலையாக நுழைந்தபோது, தள்ளுபடி மேஜையில் அதே கரும்பச்சைச் சட்டை குவிந்து கிடந்தது. 40 சைஸில் மட்டும் நான்கு எண்ணினேன். பாதி விலை. வாங்கினேன். எனக்கு லாபம்தான். ஆனால் முழு விலைக்கு வாங்கத் தயாராக நின்றவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதே சட்டையை அவனுக்கே பாதி விலைக்கு விற்ற கடைக்கு என்ன லாபம்?

சட்டை குறைவாக வாங்கியதால் வந்த சிக்கல் இல்லை இது. வாங்கிய அளவு போதுமானதுதான். வாங்கியதை எந்த ஊருக்கு எத்தனை என்று பிரித்த இடத்தில்தான் தவறு நடந்திருக்கிறது. பல கிளை வைத்து நடத்தும் எல்லாக் கடைகளிலும் இந்தப் பிரிப்பு ஒரு தனி வேலை. தைத்து முடித்த சரக்கு முதலில் ஒரே குடோனில் வந்து இறங்கும். அங்கிருந்து கிளைகளுக்கு அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. பழைய விற்பனைக் கணக்கைப் பார்த்து, 'உனக்கு இத்தனை' என்று குடோனே முடிவு செய்து அனுப்புவது ஒன்று. 'எனக்கு இத்தனை வேண்டும்' என்று கிளை இன்டென்ட் போட, கேட்டதைக் குடோன் அனுப்புவது இன்னொன்று. முதலாவதைத் தள்ளுமுறை என்றும் இரண்டாவதை இழுமுறை என்றும் இந்தக் கட்டுரைக்காகப் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

மளிகையில் இழுமுறை அழகாக ஓடும். ஒரு கடையில் வாரத்துக்கு 30 சோப்பு போகிறது, அலமாரியில் 12 மிச்சம் என்றால் எத்தனை கேட்க வேண்டும் என்பது கடைக்காரருக்கே தெரியும். நேற்று விற்ற சோப்புதான் நாளையும் விற்கப்போகிறது. புதுச் சட்டைக்கு இந்த வசதி கிடையாது. கரும்பச்சைச் சட்டையைத் தேனிக் கிளை மேலாளர் இதுவரை பார்த்ததே இல்லை. 'எத்தனை வேண்டும்' என்று கேட்டால் அவர் எதை வைத்துச் சொல்வார்? ஆகவே புதுச் சரக்கின் முதல் மூட்டையைக் குடோன்தான் தள்ளியாக வேண்டும். இதில் பெரிய கருத்து வேற்றுமை இல்லை. எதைப் பார்த்துத் தள்ளுவது, எவ்வளவு தள்ளுவது என்ற இரண்டு கேள்விகளில்தான் பணம் போகிறது.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. குடோனில் 300 சட்டைகள். மதுரை, திண்டுக்கல், தேனி என்று மூன்று கிளைகள். சீசன் நான்கு வாரம். இந்தச் சட்டைக்குப் பழைய விற்பனை கிடையாது என்பதால், போன வருஷம் இதே விலையில் இதே மாதிரி வந்த வேறொரு சட்டையின் கணக்கை எடுக்கிறார்கள். அது மதுரையில் 120, திண்டுக்கல்லில் 60, தேனியில் 20 விற்றிருக்கிறது. அந்த விகிதத்தில் 300ஐப் பிரித்தால் மதுரைக்கு 180, திண்டுக்கல்லுக்கு 90, தேனிக்கு 30. பலர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு லாரி ஏற்றிவிடுவார்கள்.

அந்த 20 என்ற எண்ணைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டும். போன வருஷம் தேனிக்கு அனுப்பியதே 20 சட்டைதான். பத்தாம் நாளே எல்லாம் தீர்ந்துவிட்டது. மீதிப் பதினெட்டு நாளும் அந்தச் சட்டையைக் கேட்டு வந்தவர்கள் இல்லை என்ற பதிலோடு திரும்பிப் போனார்கள். பில் போடும் கம்ப்யூட்டருக்கு விற்றது மட்டும்தான் தெரியும். கேட்டுக் கிடைக்காமல் போனவர்களுக்குப் பில் கிடையாது, அதனால் கணக்கிலும் இடம் கிடையாது. 20 என்பது தேனியின் தேவை இல்லை. தேனிக்கு அனுப்பிய சரக்கின் அளவு. அதையே தேவை என்று எடுத்துக்கொண்டால், போன வருஷம் குறைவாக அனுப்பிய தவறே இந்த வருஷம் குறைவாக அனுப்பக் காரணமாகிவிடும். அடுத்த வருஷக் கணக்கிலும் தேனி சின்ன ஊராகவே பதிவாகும். சின்னக் கிளைகள் வருஷக்கணக்கில் சின்னதாகவே இருப்பதற்கு ஊர் மட்டும் காரணம் இல்லை என்பது என் எண்ணம்.

சரி, எப்படித் திருத்துவது? பத்து நாளில் 20 என்றால் நாளைக்கு 2, இருபத்தெட்டு நாளைக்கு 56 என்று பெருக்கத் தோன்றும். அது தவறு. புதுச் சட்டை முதல் நாட்களில் வேகமாகப் போகும், பிறகு தளரும். கடைசிவரை சரக்கு இருந்த மதுரையையும் திண்டுக்கல்லையும் பார்க்க வேண்டும். அங்கே முதல் பத்து நாளில் மொத்த விற்பனையில் பாதி முடிந்திருந்தால், தேனியின் 20ம் பாதிதான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆக தேனியின் உண்மையான தேவை சுமார் 40. இப்போது விகிதம் 120, 60, 40. 300ஐப் பிரித்தால் மதுரைக்கு 164, திண்டுக்கல்லுக்கு 82, தேனிக்கு 54. தேனியின் பங்கு ஒரே திருத்தத்தில் 30லிருந்து 54 ஆகிவிட்டது.

இந்தத் திருத்தத்துக்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. விற்பனைக் கணக்கோடு, சரக்கு எந்தத் தேதியில் தீர்ந்தது என்ற ஒரு தகவலையும் சேர்த்து வைத்திருந்தால் போதும். சைஸ் வாரியாக வைத்திருப்பது இன்னும் நல்லது. 38ம் 44ம் மீதமிருக்கும் கடையைக் கணக்கு 'ஸ்டாக் உண்டு' என்று காட்டும். 40ம் 42ம் தீர்ந்த அன்றே அந்தக் கடையில் அந்தச் சட்டையின் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பது கவுன்டரில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

திருத்திய கணக்கும் ஊகம்தான். வேறொரு சட்டையின் போன வருஷக் கதையிலிருந்து இந்தச் சட்டையின் இந்த வருஷக் கதையைச் சொல்லப் பார்க்கிறோம். கரும்பச்சை மதுரையில் எடுபடாமல் திண்டுக்கல்லில் எடுபடலாம், ஏன் என்று யாருக்கும் தெரியாது. இந்த வருஷத்து உண்மையான தேவை மதுரையில் 120, திண்டுக்கல்லில் 120, தேனியில் 50 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 290. குடோனில் 300 இருக்கிறது. சரக்கு தாராளம்.

திருத்தாத கணக்கில் 180, 90, 30 என்று எல்லாவற்றையும் முதல் நாளே தள்ளியிருந்தால், மதுரையில் 120 விற்று 60 தேங்கும். திண்டுக்கல்லில் 90ம் தேனியில் 30ம் விற்றுத் தீர்ந்து, ஐம்பது பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். விற்றது 240. திருத்திய கணக்கில் 164, 82, 54 என்று தள்ளியிருந்தால் மதுரையில் 120, திண்டுக்கல்லில் 82, தேனியில் 50. விற்றது 252. கணக்கை நன்றாகத் திருத்தியும் 12 சட்டைதான் கூடுதலாகப் போயிருக்கிறது. திண்டுக்கல்லின் திடீர் மோகத்தைப் போன வருஷக் கணக்கில் எங்கே தேடியும் பார்த்திருக்க முடியாது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. திருத்திய அதே விகிதத்தில், ஆனால் 300ஐயும் அனுப்பாமல் 180ஐ மட்டும் அனுப்புவது. மதுரைக்கு 98, திண்டுக்கல்லுக்கு 49, தேனிக்கு 33. மீதி 120 குடோனிலேயே இருக்கட்டும். நாலாம் நாள் பார்க்கிறோம். மதுரையில் 26, திண்டுக்கல்லில் 27, தேனியில் 11 விற்றிருக்கிறது. இரண்டு மடங்கு விற்க வேண்டிய மதுரையைத் திண்டுக்கல் முந்திவிட்டது. திண்டுக்கல்லில் மிச்சம் 22தான், இந்த வேகத்தில் இன்னும் மூன்று நாள் தாங்கும். அன்றைக்கே அங்கே 40 அனுப்பலாம். தேனிக்கு ஒரு பத்து. மதுரைக்கு இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். அடுத்த நாலு நாளில் மறுபடி பார்க்கலாம். இப்படிப் பார்த்துப் பார்த்து அனுப்பினால் 290ஐயும் விற்றுவிட முடியும். மிச்சம் 10. நடைமுறையில் இவ்வளவு கச்சிதமாக அமையாது, இரண்டொரு நாள் தாமதத்தில் கொஞ்சம் கைநழுவும். இருந்தாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். கணக்கைத் திருத்தியதில் 12 சட்டை, கையில் வைத்திருந்து அனுப்பியதில் மேலும் 38 சட்டை வரைக்கும்.

கடைக்குப் போய்விட்ட சட்டையைத் திரும்ப எடுப்பது சுலபம் இல்லை. மதுரைக் கடையில் தேங்கிய 60ஐத் திண்டுக்கல்லுக்கு மாற்ற, யாராவது அவற்றைத் தேடி எடுத்து, எண்ணி, பார்கோடு சரிபார்த்து, செலான் போட்டு, கட்டி அனுப்ப வேண்டும். மதுரை மேலாளர் தன் ஸ்டாக்கை விட்டுக்கொடுக்க மனசு வைக்க வேண்டும், அது எல்லாவற்றிலும் கடினம். போய்ச் சேர்வதற்குள் தீபாவளி முடிந்திருக்கும். குடோனில் இருக்கும் சட்டைக்கோ எந்த ஊர் என்று இன்னும் பெயர் எழுதவில்லை, எங்கே வேண்டுமானாலும் போகும்.

இதையே உலக அளவில் பெரிய கணக்காகப் போட்டுப் பார்த்த நிறுவனம் ஸ்பெயினின் ஸாரா. 1975ல் லா கொருன்யா என்ற துறைமுக ஊரில் முதல் கடை. அதன் தாய் நிறுவனமான இன்டிடெக்ஸின் தலைமையகம் பக்கத்திலேயே அர்தேஷோவில் இருக்கிறது. ஒவ்வொரு உடுப்பையும் அளவாகத் தைத்துச் சில வாரங்களில் விற்று முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது ஸாராவின் வழக்கம். கடைகளுக்கு வாரம் இரண்டு முறை சரக்கு போகும். எத்தனை வேண்டும் என்று கடை மேலாளர்கள் கேட்பார்கள், அந்தக் கோரிக்கைகளைப் பார்த்துக் குடோனில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தால் பிரித்து அனுப்புவார்கள். ஏறக்குறைய இழுமுறை.

கடைகள் குறைவாக இருந்தவரை இது ஓடியது. ஆயிரத்தைத் தாண்டியபோது இரண்டு விஷயங்கள் உறுத்தின. கேட்கும் பக்கத்தில், கடை மேலாளருடைய வருமானம் தன் கடையின் விற்பனையோடு கட்டப்பட்டிருந்தது. நன்றாகப் போகும் உடுப்பு குடோனில் குறைவாக இருக்கிறது என்று தெரிந்தால் அவர் தேவைக்கு மேல் கேட்பார். கேட்டதைவிடக் குறைவாகத்தான் வரும் என்று தெரிந்தவர் சரியான எண்ணைக் கேட்டால் அவர் ஏமாளி. ஒரு சின்னக் கணக்கு போதும். குடோனில் 60 இருக்கிறது, இரண்டு கடைகளுக்கும் தலா 50 தேவை. உண்மையைச் சொன்னால் ஆளுக்கு 30. ஒருவர் மட்டும் 100 என்று கேட்டால், கேட்ட விகிதத்தில் பிரிக்கும்போது அவருக்கு 40, நேர்மையாகக் கேட்டவருக்கு 20. அடுத்த முறை அவரும் 100 கேட்பார். சீக்கிரமே குடோனுக்கு வரும் எண் எதுவும் தேவையைச் சொல்லாது, பயத்தைத்தான் சொல்லும். கல்யாணப் பந்தியில் பாயசம் தீரப்போகிறது என்று காதில் விழுந்ததும் எல்லா இலைக்காரர்களும் இரண்டாம் தடவை கேட்பது போலத்தான்.

பிரிக்கும் பக்கத்தில் இருந்த சிக்கல் இன்னும் நுணுக்கமானது. ஸாரா கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான சைஸ், உதாரணமாக மீடியம், தீர்ந்துவிட்டால் அந்த உடுப்பையே ரேக்கிலிருந்து எடுத்து உள்ளறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆசைப்பட்டு எடுத்துப் பார்த்து, தன் சைஸ் இல்லை என்று எரிச்சலோடு போகும் வாடிக்கையாளரை உருவாக்க வேண்டாம் என்ற எண்ணம். நல்ல பழக்கம்தான். ஆனால் இதனால் பிரிப்புக் கணக்கே மாறிவிடுகிறது. மீடியம் இல்லாத கடைக்கு ஸ்மால் மூன்று அனுப்பினால் அவை உள்ளறையில்தான் தூங்கும். உள்ளறையில் ஸ்மாலும் லார்ஜும் தூங்கிக்கொண்டிருக்கும் கடைக்கு மீடியம் மூன்று அனுப்பினால், அந்த மூன்றோடு ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருப்பவையும் ரேக்குக்கு வந்துவிடும். ஒவ்வொரு சைஸையும் தனித்தனியாகப் பிரிக்கிற எவருக்கும் இது கண்ணில் படாது.

ஃபெலிப்பே கரோ, ஜெரெமி காலியன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஸாராவோடு சேர்ந்து இதற்கு ஒரு கணக்குமுறையை உருவாக்கினார்கள். எந்தக் கடைக்கு எந்த சைஸில் எத்தனை அனுப்பினால் எல்லாக் கடைகளின் மொத்த விற்பனையும் அதிகமாகும் என்று அது சொல்லும். சில உடுப்புகளுக்குப் புதிய முறை, மற்றவற்றுக்குப் பழைய முறை என்று ஒப்பிட்டுப் பார்த்தபோது விற்பனை 3 முதல் 4 சதவீதம் கூடியது. 2007ஆம் வருஷ விற்பனைக்கு அது சுமார் 27.5 கோடி டாலருக்குச் சமம் என்று எழுதினார்கள். ஒரு சட்டைகூடக் கூடுதலாகத் தைக்காமல் வந்த பணம் இது.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. புதிய முறை கடை மேலாளரின் வாயை அடைக்கவில்லை. அவர் கேட்ட எண்ணும் பழைய விற்பனையும் இரண்டுமே கணக்குக்குள் போயின. கேட்டதை அப்படியே கொடுத்துவிட வேண்டிய ஆர்டராக எடுத்துக்கொள்ளாமல், ஒரு சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். கூட்டிச் சொல்லும் பழக்கம் உள்ள சாட்சியிடமும் உண்மை இருக்கும், எவ்வளவு கூட்டுகிறார் என்று தெரிந்தால் போதும். தள்ளுவதா இழுப்பதா என்று விவாதம் நடத்துபவர்கள் இந்த நடுவழியைக் கவனிப்பதே இல்லை.

அந்த முறை வாராவாரம் நிரப்புவதற்கானது. முதல் மூட்டைக்கான கேள்வியைக் காலியன் வேறு சிலரோடு சேர்ந்து பின்னால் எடுத்தார். முதலிலேயே நிறைய அனுப்பினால் விற்பனை சூடாக இருக்கும் ஆரம்ப நாட்களில் சரக்கு இல்லாமல் போகாது. குடோனில் நிறுத்தி வைத்தால் எங்கே போகிறது என்று பார்த்து அனுப்பலாம். இரண்டும் ஒன்றையொன்று தின்னும். 2012 சீசனில் 34 உடுப்புகளை வைத்து உலகமெங்கும் சோதித்தார்கள். ஆரம்ப விற்பனையைப் பார்த்து மதிப்பீட்டைத் திருத்திக்கொண்டே பிரிக்கும் முறையில், சீசன் விற்பனை சராசரியாக 2 சதவீதம் கூடியது. சீசன் முடிவில் விற்காமல் தேங்கியது சுமார் 4 சதவீதம் குறைந்தது. பார்வைக்குச் சின்ன எண்கள். ஏற்கெனவே நன்றாகப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தில் இவ்வளவு மிச்சம் இருந்தது என்பதுதான் அதில் செய்தி.

சரி, அப்படியானால் எப்போதும் பாதியைக் குடோனில் நிறுத்தி வைத்தால் போதுமா என்றால், இல்லை. நிறுத்தி வைப்பதற்கு ஒரே நிபந்தனை, திரும்ப அனுப்ப நேரம் இருக்க வேண்டும். ஸாராவுக்கு வாரம் இரண்டு லாரி. நம்மூர்க் கடையில் பத்து நாளைக்கு ஒரு வண்டி போகிற ஊர் என்றால், தீபாவளிச் சீசனில் இரண்டாவது வண்டி போவதற்குள் பட்டாசு வெடித்து முடிந்திருக்கும். அங்கே நிறுத்தி வைத்த சட்டை நிறுத்தி வைத்த சட்டையாகவே நிற்கும். அப்படிப்பட்ட ஊருக்கு முதலிலேயே நிறைய தள்ளுவதுதான் சரி, தவறிப்போனால் போகட்டும். பக்கத்து ஊர்களுக்குக் குறைவாக அனுப்பி, பார்த்து நிரப்பலாம். தூரத்துக் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் ஒரே சதவீதம் என்று சட்டம் போடுகிற குடோன் இரண்டு பக்கமும் நஷ்டப்படும்.

கீழ் எல்லையும் ஒன்று உண்டு. எவ்வளவு சின்னக் கடையானாலும் ரேக்கில் தொங்கவிட ஒரு முழு சைஸ் செட் வேண்டும். 38, 40, 42, 44 என்று நான்கு சைஸ், நடு இரண்டிலும் இரண்டிரண்டு என்றால் ஆறு சட்டை. கணக்கு இந்தக் கடைக்கு மூன்று என்று சொன்னால் மூன்றை அனுப்பக் கூடாது. ஆறு அனுப்ப வேண்டும், அல்லது அனுப்பவே கூடாது. மூன்று சட்டை என்பது மூன்று சட்டையின் விற்பனை இல்லை. 'உங்க சைஸ் இல்லை' என்று முப்பது பேரிடம் சொல்வதற்கான ஏற்பாடு.

பழைய விற்பனையைப் பார்க்கும்போது நம்மூருக்கென்றே ஒரு பள்ளம் உண்டு, அதில் விழாத கடை குறைவு. தீபாவளி 2023ல் நவம்பர் 12, 2024ல் அக்டோபர் 31, 2025ல் அக்டோபர் 20. 'போன வருஷம் அக்டோபர் 20ல் தொடங்கும் வாரத்தில் எத்தனை விற்றது' என்று கேட்டால், 2024ல் அது தீபாவளிக்கு முந்தைய சூடான நேரம், 2025ல் அது தீபாவளி நாளும் அதற்குப் பிந்தைய வெறுமையும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கணக்கு சிரிக்கும். ரம்ஜான் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், அதுவும் ஊருக்கு ஊர் வேறு அளவில் விற்பனையைத் தொடும். தேதியை விட்டுவிட்டு, பண்டிகைக்கு எத்தனை நாள் முன்பு என்று எண்ணி ஒப்பிட வேண்டும். வெளிநாட்டில் எழுதிய மென்பொருள் இதைத் தானாகச் செய்யாது, யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு.

ரேஷன் கடையைப் பாருங்கள். அங்கேயும் குடோனிலிருந்து தள்ளுவதுதான், ஆனால் விற்பனைக் கணக்கை நம்பி இல்லை. எத்தனை கார்டு என்று எண்ணி ஒதுக்கீடு. யாருக்கு எவ்வளவு உரிமை என்பது முன்பே எழுதியிருப்பதால் ஊகத்துக்கு இடம் குறைவு. சட்டைக்கு அப்படி ஒரு கார்டு இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

ஒரு கடையில் பிரிப்பு சரியாக நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சீசன் முடிந்த மறுநாள் ஒரே ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு எல்லாக் கிளைகளின் ஸ்டாக்கையும் பார்த்தால் போதும். எல்லா ஊரிலும் தேங்கிக் கிடந்தால் வாங்கியவர் தவறு, சட்டை பிடிக்கவில்லை. எல்லா ஊரிலும் இரண்டாம் வாரமே தீர்ந்திருந்தால் குறைவாக வாங்கிவிட்டார்கள். ஒரு ஊரில் சீக்கிரம் தீர்ந்து இன்னொரு ஊரில் குவிந்து கிடந்தால், வாங்கியவர் மேல் குற்றம் இல்லை, பிரித்தவர் மேல்தான். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஆனால் பெரும்பாலான கடைகளில் மூன்றுக்கும் ஒரே கூட்டம் போட்டு, வாங்கியவரைத்தான் திட்டுகிறார்கள்.

அந்தப் பரிசோதனையிலும் அகப்படாத ஒரே எண், கேட்டுக் கிடைக்காமல் போனவர்களின் எண்ணிக்கை. தீர்ந்த தேதியை வைத்து அதை ஊகிக்கலாம், அவ்வளவுதான். தேனியில் அன்று என்னிடம் 'போயிடுச்சு சார்' என்று சொன்ன பையன் அதை எங்கேயும் எழுதவில்லை. எழுத ஒரு நோட்டும் அவரிடம் இல்லை. உங்களுக்கும் அடுத்த முறை ஒரு கடையில் சைஸ் கிடைக்காமல் போனால், பேசாமல் வெளியே வந்துவிடாதீர்கள். சட்டையின் நம்பரையும் உங்கள் சைஸையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கல்லாவில் கொடுத்துவிட்டு வாருங்கள்.